டை அடித்த அன்று பிளீச்சிங் பவுடர் வேண்டாம்

கேள்வி: குளியலறையில் வைத்து தலைக்கு டை அடித்தேன். தரையில் சிந்திய கறை போகட்டும் என்று பிளீச்சிங் பவுடர் தூவித் தேய்த்தேன். உடனே கண் எரிந்து, மூச்சு முட்டிவிட்டது. இரண்டு நாளாக வறட்டு இருமல். எனக்கு டை அலர்ஜியா டாக்டர்?

பதில்: அலர்ஜி மாதிரி தெரியவில்லை. டை அலர்ஜி பெரும்பாலும் சில மணி நேரம் கழித்தோ, மறுநாளோதான் தலைகாட்டும். உச்சந்தலை அரிக்கும், காதோரமும் இமைகளும் வீங்கும். உங்களுக்குத் தேய்த்த உடனேயே மூச்சு முட்டியிருக்கிறது. அது வாயுவின் வேலை.

முடிக்குள் நிறம் இறங்குவதற்காகப் பல டைகளில் அம்மோனியா சேர்க்கிறார்கள். பாக்கெட்டைப் பிரித்ததும் மூக்கில் ஏறும் நெடி அதுதான். பிளீச்சிங் பவுடரோடு அது சேர்ந்தால் குளோரமின் என்ற வாயு உண்டாகும். கண், தொண்டை, நுரையீரல் எல்லாவற்றின் ஈரத்திலும் கரைந்து அரிக்கும். 'அம்மோனியா இல்லாதது' என்று அட்டையில் போட்டிருந்தாலும் இந்தச் சோதனை வேண்டாம். அதற்குப் பதிலாகச் சேர்ப்பதும் அதே குடும்பத்துச் சரக்குதான். கழிவறைக்கு ஊற்றும் ஆசிட் இன்னும் மோசம். அது பிளீச்சிங் பவுடரில் பட்டால் குளோரின் வாயுவே வரும். அது காற்றைவிடக் கனமானது, கீழே தங்கும். குனிந்து தரை தேய்ப்பவர் முகத்துக்கு நேராக!

இருமல் இரண்டு நாள் நீடிப்பதால் நேரில் ஒருமுறை காட்டிவிடுங்கள். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டு, விரலில் ஆக்சிஜன் அளவு பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு இறுகினாலோ, வீசிங் சத்தம் கேட்டாலோ காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும்.

டை அடிப்பதை நிறுத்தச் சொல்லவில்லை, இடத்தை மாற்றுங்கள். நம் வீட்டுக் குளியலறைகளில் இருப்பது ஒரு சின்ன வென்டிலேட்டர்; அதையும் பாதிப் பேர் அட்டை வைத்து அடைத்திருப்பார்கள். ஜன்னலோரம் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்து கலக்குங்கள், அங்கேயே பூசுங்கள். எதிர்ப்பக்கக் கதவும் திறந்திருந்தால் காற்று ஓடும். ஊறுகிற அரை மணி நேரமும் வெளியிலேயே இருங்கள். அலசுவதற்கு மட்டும் குளியலறை. எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் போட்டுக்கொண்டு, கதவைத் திறந்து வைத்தே அலசுங்கள்.

கறை விழுந்தால் காய விடாமல் ஈரத்துணியால் துடைத்து, பாத்திரம் கழுவும் சோப்பு போட்டுத் தேயுங்கள். போகாவிட்டால் போகட்டும், அன்று வேறு எதையும் ஊற்றாதீர்கள். அப்புறம், கலக்கி மிஞ்சிய டையை மூடி போட்டு எடுத்து வைக்காதீர்கள். உள்ளே வாயு சேர்ந்து டப்பா வெடிக்கக்கூடும்.

மறுபடி எப்போதாவது இப்படி நெடி அடித்தால் எலுமிச்சை, வினிகர் என்று எதையும் ஊற்றி அடக்கப் பார்க்காமல் வெளியே வந்துவிடுங்கள். கண் எரிந்தால் குழாய்த் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். நெடி முழுக்க விலகிய பிறகு அந்த அறைக்குள் நுழைந்தால் போதும்.