கவுன்டர் பில்லா, முழு இன்வாய்ஸா? வாசகர் கேள்விகள்

"கம்பெனிக்கு வாங்குகிறேன்" என்கிறார் வாடிக்கையாளர். வரிப் பதிவு எண் கேட்டால் கையில் இல்லையாம். முழு இன்வாய்ஸ் போடலாமா?

எண் இல்லாமல் இன்வாய்ஸ் போட்டு என்ன பயன்? அதை வைத்து அவர் உள்ளீட்டு வரியை, அதாவது வாங்கும்போது கொடுத்த வரியை, தான் கட்ட வேண்டிய வரியில் கழிக்க முடியாது. பில் போடுவதற்கு முன்னாலேயே எண்ணைக் கேளுங்கள். போட்ட பிறகு கேட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கீழே மூன்றாவது கேள்வியைப் பாருங்கள்.

கவுன்டர் பில்லில் வரி சேர்ந்த மொத்தம் 1150 மட்டும் இருக்கிறது. வரி 15 சதவீதம். 1150-ல் 15 சதவீதம் 172.50 தானே?

இல்லை. அந்த 1150-க்குள் வரியும் அடக்கம். 1.15-ஆல் வகுத்தால் பொருளின் மதிப்பு 1000, வரி 150. இதே தவறோடு மாதம் நாலு கடிதமாவது வருகிறது. முழு இன்வாய்ஸில் 1000, 150 இரண்டையும் தனித்தனியாகக் காட்டியாக வேண்டும். கவுன்டர் பில்லில் பெரும்பாலும் மொத்தமும் வரி விகிதமும் போதும்.

நாற்காலி வாங்கியவர் பத்து நாள் கழித்து கவுன்டர் பில்லோடு வந்து கம்பெனி பெயருக்கு இன்வாய்ஸ் கேட்டார். புதிதாக ஒன்று போட்டுக் கொடுத்துவிட்டேன். சரிதானே?

சரியில்லை. இதை எத்தனை முறை சொல்வது! பழைய பில்லை ரத்து செய்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. செய்யவில்லை என்றால் விற்றது ஒரு நாற்காலி, கணக்கில் இரண்டு. முந்தைய கேள்வியின் 1150-தான் நாற்காலி விலை என்று வைத்தால், 1000-க்குப் பதில் 2000 விற்பனை, 150-க்குப் பதில் 300 வரி. நான் கணக்குப் பார்த்த ஒரு கடையில் சரக்கு எண்ணும்போதுதான் இது வெளிப்பட்டது. கம்ப்யூட்டரில் இல்லாத நாற்காலிகள் கோடவுனில் வரிசையாக நின்றன.

முதலில் பழைய பில் எண்ணைக் குறிப்பிட்டு, முழுத் தொகைக்கும் கிரெடிட் நோட் போடுங்கள். கணக்கில் சரக்கு திரும்பி வந்துவிடும். பிறகு வாங்குபவரின் பெயர், முகவரி, பதிவு எண்ணோடு இன்வாய்ஸ் போட்டு, கிரெடிட் நோட்டில் நிற்கும் தொகையை அதில் வரவு வையுங்கள். கல்லாவில் காசு எடுக்கவும் வேண்டாம், போடவும் வேண்டாம். பழைய பில்லை வாங்கிக் கிரெடிட் நோட்டோடு பின் செய்து வையுங்கள். அவரிடமே விட்டால் அதைக் காட்டி நாளை நாற்காலியைத் திருப்பித் தர வருவார். பேனாவால் பெயர் எழுதிக் கொடுப்பது இன்னும் மோசம். உங்கள் பிரதியில் இல்லாத பெயர் அவர் பிரதியில் இருக்கும்.

பில் போட்ட மாதத்துக்கு வரிக் கணக்கு தாக்கல் ஆகிவிட்டதா? அப்படியானால் கிரெடிட் நோட் போடும் முன் உங்கள் கணக்காளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கவுன்டர் பில், முழு இன்வாய்ஸ் இரண்டுக்கும் தனித்தனி எண் வரிசை வைக்கலாமா?

வைக்கலாம். எந்த வரிசையிலும் நடுவில் எண் விடுபடக் கூடாது.

முழு இன்வாய்ஸ் வாங்கியவர் பொருளை வீட்டுக்கு எடுத்துப் போகிறார் என்று தெரிகிறது. நான் மாட்டுவேனா?

உங்கள் இன்வாய்ஸில் உள்ள விவரங்கள் உண்மையாக இருந்தால் போதும். வரியைக் கழிக்க அவருக்குத் தகுதி உண்டா என்பது அவர் பாடு.