தோட்டத்து மரக்கறிப் பெட்டி: பதிவில் எதற்கு வாக்குக் கொடுக்கலாம்?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் எங்கள் தோட்டத்து மரக்கறியைப் பெட்டியாகப் போட்டு நேரே வீடுகளுக்குக் கொடுக்கப் போகிறேன். கொடுக்கும் நாள், விலை, எவ்வளவு பச்சையாக இருக்கும் என்பதையெல்லாம் பதிவில் எப்படி எழுதுவது? "எல்லாம் விடியப் பறித்தது, 100% சேதனம்" என்று போடலாமா?

பதில்:

போடாதீர்கள். நான் உரும்பிராய்ப் பக்கம் செம்மண் தோட்டம் செய்கிறேன், நல்லூர், கொக்குவில் வீடுகளுக்குப் பெட்டி கொடுக்கிறேன். ஒரு பெட்டிக்குள் இருக்கிற எல்லாமே ஒரே விடியலில் பறித்ததாக இருக்க முடியாது, அப்படி இருக்கத் தேவையும் இல்லை. முற்றிய பூசணிக்காய் பறித்து இரண்டு கிழமை காற்றோட்டமான இடத்தில் கிடந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. சின்ன வெங்காயத்தைக் கிண்டி, காயவைத்து, தாள் சருகான பிறகுதான் கொடுக்கவே வேண்டும். கீரை அப்படியல்ல. விடியப் பிடுங்கிய முளைக்கீரையை வெயிலில் விட்டால் மத்தியானத்துக்குள் தலை சாய்த்துவிடும். ஆகவே பெட்டி முழுவதுக்கும் ஒரு வாக்குக் கொடுக்காமல், அந்தந்த மரக்கறியை எப்போது பறித்தீர்கள் என்று எழுதுங்கள். ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிப் பெட்டிக்குள் போட்டாலே போதும்.

இதில் நான் மிகவும் கண்டிப்பாக இருப்பது மரவள்ளிக் கிழங்கில். வெளியில் பார்த்தால் திடமாகத்தான் இருக்கும். பிடுங்கி இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலமும் கறுப்புமாக நரம்பு நரம்பாகக் கோடு ஓடத் தொடங்கும். முறிந்த இடம், மண்வெட்டி பட்ட இடம், தோல் உரிந்த இடம் என்று காயம் பட்ட பக்கத்திலிருந்துதான் அது தொடங்கும். எங்கள் வாடிக்கையாளர் அம்மா ஒருவர், கடையில் வாங்கிய கிழங்கை வெட்டிக் காட்டி, "தம்பி, தோலைப் பார்த்தால் நேற்றுப் பிடுங்கின மாதிரி இருக்குது, உள்ளே இப்படிக் கிடக்குதே" என்றார். தோலைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத பொருள் என்பதால்தான் பிடுங்கிய நாளைச் சொல்ல வேண்டியது எங்கள் பொறுப்பு. நான் முதல்நாள் பின்னேரம் பிடுங்குவேன், காயம் பட்ட கிழங்கை ஒதுக்கிவிடுவேன், "கிடைத்த அன்றோ மறுநாளோ அவியுங்கள்" என்று துண்டில் எழுதுவேன். நான்கு நாள் வைத்திருக்கலாம் என்று எழுத எனக்கு மனம் வராது.

அடுத்தது வெண்டிக்காய். உங்கள் கொடுக்கும் நாளைத் தீர்மானிக்கப் போவது இதுதான். பூ உதிர்ந்து ஐந்தாறு நாளில் காய் பறிக்கும் பருவத்துக்கு வந்துவிடும். இரண்டு நாளுக்கு ஒரு முறை பறிக்காவிட்டால் நாராகிப் போகும். நுனியை ஒடித்துப் பாருங்கள்: டக்கென்று முறிந்தால் பிஞ்சு, வளைந்து நார் இழுத்தால் கறிக்கு உதவாது. பயிற்றங்காயும் அப்படித்தான். பிந்தினால் உள்ளே விதை புடைத்து, தோல் சொதசொதவென்று வந்துவிடும். கத்தரிக்காய் கொஞ்சம் பொறுக்கும், நான்கைந்து நாளுக்கு ஒரு முறை பறித்தால் போதும்.

நான் செவ்வாயும் வெள்ளியும் கொடுக்கிறேன். எங்கள் பக்கத்து வீடுகளில் பலர் அந்த இரண்டு நாளும் மச்சம் சமைக்க மாட்டார்கள், காலையில் பெட்டி கையில் இருந்தால் அன்றைக்கே கறியாகிவிடும். வெண்டியையும் இதற்கேற்றபடி ஒழுங்கு பண்ணலாம். செவ்வாய் விடியப் பறித்தது பெட்டிக்கு. புதன் பின்னேரம் பறித்தது சந்தைக்கு. வெள்ளி விடிய மறுபடி பெட்டிக்கு. ஞாயிறு பறித்தது திரும்பவும் சந்தைக்கு. இடையில் சந்தைக்குப் பறிக்காமல், "செவ்வாய் விட்டதையும் சேர்த்து வெள்ளிக்குப் பறிப்போம்" என்று நினைத்தால் பெட்டியில் பாதி முற்றல்தான் போகும். ஆகவே பெட்டி தொடங்கினாலும் சந்தையை விட்டுவிடாதீர்கள், இரண்டும் ஒன்றுக்கொன்று துணை.

இப்போது "100% சேதனம்" விடயத்துக்கு வருகிறேன். 2021 இல் செயற்கை உர இறக்குமதித் தடை வந்த காலத்திலிருந்து இந்தச் சொல் எல்லோர் வாயிலும் இருக்கிறது. முறையாகச் சான்றிதழ் எடுத்திருந்தால் போடுங்கள். மாட்டெருவும் போட்டு, யூரியாவும் கொஞ்சம் போட்டு, பூச்சி வந்தால் மருந்தும் அடிக்கிற தோட்டம் என்றால் அதை அப்படியே எழுதுங்கள். வாங்குகிறவர்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது, மருந்தடித்து எத்தனை நாளுக்குப் பிறகு பறித்தீர்கள் என்பது. ஒவ்வொரு மருந்துப் போத்தலிலும் அடித்த பிறகு எத்தனை நாள் பறிக்கக்கூடாது என்று போட்டிருக்கும். அது மருந்துக்கு மருந்து, பயிருக்குப் பயிர் மாறும்.

பூசணியில் இந்த நாளைக் கடைப்பிடிப்பது சுலபம், காய் கொடியில் பொறுத்துக் கிடக்கும். வெண்டியிலும் பயிற்றங்காயிலும்தான் சிக்கல். போத்தலில் ஏழு நாள் என்று இருக்கிறது என்று வையுங்கள். அந்த ஏழு நாளுக்குள் மூன்று தரம் பறிப்பு வந்துவிடும். பறிக்காமல் விட்டால் காய் முற்றி, செடி புதிதாகக் காய்ப்பதும் குறையும். செடியைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அந்த மூன்று பறிப்பையும் பறித்து, பெட்டிக்கும் போடாமல் சந்தைக்கும் அனுப்பாமல் குழியில் கொட்ட வேண்டும். கையைக் கடிக்கும், ஆனால் வேறு வழி இல்லை. இதனால்தான் பெட்டிக்கென்று விடும் வெண்டிப் பாத்தியில் முடிந்தவரை மருந்துக்குப் போகாமல், புழு விழுந்த காயைக் கிள்ளி எறிந்தும், வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்தும் சமாளிக்கிறேன். முடியாமல் அடித்தால் அந்தக் கிழமை பெட்டியில் வெண்டி இல்லை, காரணத்தையும் சொல்லிவிடுவேன். மருந்து குறைந்தால் கத்தரியில் ஒன்றிரண்டு புழுக்காய் வரும் என்பதையும் முன்கூட்டியே எழுதுங்கள். காயில் ஒரு ஓட்டை தெரிந்தால் உள்ளே புழு இருக்கும், இல்லாவிட்டால் தின்றுவிட்டு வெளியே போயிருக்கும். நான் ஒவ்வொரு காயையும் திருப்பிப் பார்த்துத்தான் போடுகிறேன். ஆனால் முட்டையிலிருந்து வந்த சின்னப் புழு உள்ளே போன ஓட்டை சில வேளை மூடிக்கொண்டுவிடும். அது கண்ணுக்குத் தப்பும்.

விலைக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் வழியைக் காட்டத்தான், உங்கள் கிழமை விலையை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். பெட்டியில் கத்தரி 1 கிலோ, பயிற்றங்காய் அரைக் கிலோ, வெண்டி அரைக் கிலோ, பூசணி 1 கிலோ, மரவள்ளி 1 கிலோ, பச்சை மிளகாய் 100 கிராம், கீரை இரண்டு பிடி. இதையே கடையில் வாங்கினால் 1,130 ரூபாய் வருகிறது என்று வைப்போம். சந்தையில் நீங்கள் மொத்தமாகக் கொடுத்தால், அங்கே பிடிக்கிற கழிவு ஏதும் இருந்தால் அதுவும் போக, 650 ரூபாய் கையில் கிடைக்கும் என்று வையுங்கள். அதோடு தரம் பிரித்துக் கட்டும் கூலி 60, பெட்டியும் வாழையிலையும் 40, மோட்டார் சைக்கிள் எண்ணெய்ச் செலவு ஒரு வீட்டுக்கு 80 சேர்த்தால் 830 ஆகிறது. பழுதென்று சொன்னதை மாற்றிக் கொடுக்கவும், விளைச்சல் குறைந்த கிழமையைத் தாங்கவும் 120 வையுங்கள். பெட்டி 950 ரூபாய். வாங்குகிறவருக்கும் கடையைவிட 180 ரூபாய் மிச்சம். வீடுகள் ஒரே தெருவழியில் அமைந்தால்தான் அந்த 80 ரூபாய் சரிவரும். எங்கோ தனியாக ஒரு வீட்டுக்காகச் சுற்றிப் போனால் அந்தப் பெட்டியில் மிஞ்ச ஒன்றுமில்லை. ஆகவே எந்தெந்தப் பகுதி என்று பதிவிலேயே எல்லை போடுங்கள்.

இன்னொன்று, நிறையைக் குறிப்பிடாமல் "பெரிய பெட்டி, சின்னப் பெட்டி" என்று மட்டும் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். சண்டை வருவது அங்கேதான். மரக்கறி மாறலாம், மொத்த நிறை மாறக்கூடாது.

என் பதிவு ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும், வேண்டுமானால் எடுத்து மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்:

"உரும்பிராய்த் தோட்டத்து மரக்கறிப் பெட்டி. செவ்வாய், வெள்ளி காலை எட்டரைக்குள் நல்லூர், கொக்குவில், திருநெல்வேலி வீடுகளுக்கு. நான்கு கிலோவுக்குக் குறையாமல் மரக்கறியும் இரண்டு பிடி கீரையும், 950 ரூபாய், கொண்டுவந்து தருவதும் இதற்குள் அடக்கம். இந்த விலை மாத முடிவு வரை மாறாது. கீரை, வெண்டி, பயிற்றங்காய் அன்று விடியப் பறித்தவை. கத்தரி, மிளகாய், மரவள்ளி முதல்நாள் பின்னேரம். பூசணி பறித்த திகதி காயில் எழுதியிருக்கும். மாட்டெருவோடு கொஞ்சம் செயற்கைப் பசளையும் போடுகிறோம். மருந்தடித்த பாத்தியில், போத்தலில் சொன்ன நாள் முடியாமல் பறிப்பதில்லை. எங்கள் தோட்டத்தில் இல்லாததை வெளியில் வாங்கிப் பெட்டியில் போடுவதில்லை. பழுது இருந்தால் அன்று மத்தியானத்துக்குள் படம் எடுத்து அனுப்புங்கள், அடுத்த பெட்டியில் அதே நிறை மேலதிகமாக வரும். வேண்டாத கிழமையை இரண்டு நாள் முன்பு சொல்லுங்கள்."

வெளியில் வாங்கிப் போடுவதில்லை என்ற வரியை யோசித்துத்தான் எழுத வேண்டும், ஏனென்றால் அதைக் காப்பாற்றுவது கடினம். கரட், கோவா கேட்பார்கள். அவை எங்கள் மண்ணில் மாரி முடிந்து குளிர் இருக்கிற மாதங்களில்தான் நன்றாக வரும். மற்றக் காலத்தில் நுவரெலியாப் பக்கத்திலிருந்து லொறியில் வருகிறவைதான். அவற்றைப் பெட்டியில் சேர்த்தால் பதிவில் சொன்ன நாளெல்லாம் பொய்யாகிவிடும். யாராவது வற்புறுத்திக் கேட்டால், தனிப் பையில் போட்டு "வெளியில் வாங்கியது" என்று எழுதிக் கொடுங்கள்.

மாரிக்கும் ஒரு வரி தேவை. ஐப்பசி, கார்த்திகையில் அடை மழை பெய்தால் கீரையில் மண் தெறித்து, நனைந்தபடி கட்டினால் பெட்டிக்குள்ளேயே அழுகிக் கொழகொழக்கும். அப்படிப்பட்ட நாளில் நான் கீரை போடுவதில்லை, அந்த விலைக்குப் பூசணியோ மரவள்ளியோ கூடப் போடுவேன். பெட்டியில் காற்றுத் துளை இருக்கட்டும், கீரையை வாழையிலையில் சுற்றி எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டினால் வெயில் காலத்திலும் அதே கதைதான். வெண்டியையும் கத்தரியையும் குளிர்ப்பெட்டியில் அதிகக் குளிரான தட்டில் நாள்கணக்கில் வைத்தால் புள்ளி விழும் என்றும் சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் அந்தப் படமும் உங்களுக்குத்தான் வரும்.

கடைசியாக நல்லூர்த் திருவிழா. அந்த 25 நாளும் நிறைய வீடுகளில் மச்சம் இல்லை, சந்தையில் மரக்கறி விலை ஏறும். எல்லாவற்றையும் சந்தைக்கு விடத்தான் கை போகும். மாத முடிவு வரை விலை மாறாது என்று எழுதியிருந்தால் அந்த மாதத்துக்கும் அதேதான். நான் திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பே புதுப் பெட்டிகள் எடுப்பதை நிறுத்திவிட்டு, ஏற்கெனவே வாங்குகிற வீடுகளுக்குப் போதுமான பாத்தியை ஒதுக்கிக்கொள்வேன். அதற்கு மேல் விளைவதுதான் சந்தைக்கு.