தொளதொளத்துப் போன உடைகள்: எதைப் பிடிப்பது, எதை விற்பது?

அன்புள்ள ஐயா,

பதினான்கு மாதத்தில் 28 கிலோ குறைந்திருக்கிறேன். கடைசி நான்கு மாதமாக எடை அப்படியே நிற்கிறது. இடுப்பு 44 அங்குலத்திலிருந்து 36-க்கு வந்துவிட்டது. பழைய 44 சைஸ் பேன்ட் ஆறு, நடுவில் வாங்கிய 38 சைஸ் மூன்று, சட்டைகள் பத்துப் பன்னிரண்டு, நல்ல கம்பளித் துணியில் ஒரு கோட்டு இருக்கின்றன. எல்லாவற்றையும் பிடித்துத் தருகிறேன் என்கிறார் தையல்காரர். எல்லாவற்றையும் யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்கிறாள் மனைவி. யார் சொல்வதைக் கேட்பது?

மு.

அன்புள்ள மு.,

இரண்டு பேர் சொல்வதும் பாதி சரி. எடை நான்கு மாதம் அசையாமல் நின்றிருப்பதால் இப்போது முடிவெடுக்கலாம். இறங்கிக்கொண்டே இருக்கும்போது பிடித்தால் இரண்டே மாதத்தில் மறுபடி பிடிக்க வேண்டியிருக்கும்.

உடை எவ்வளவு தொளதொளப்பாக இருக்கிறது என்பதைவிட, எங்கே தொளதொளக்கிறது என்பதைப் பாருங்கள். உடம்பைச் சுற்றி வரும் அளவைக் குறைப்பது எளிது. தோள் அகலம், கைக்குழியின் ஆழம், பேன்ட்டில் இடுப்பிலிருந்து கவுட்டி வரையுள்ள இறக்கம் போன்றவை முதலில் துணியை வெட்டும்போதே தீர்மானமானவை. அவற்றை மாற்றுவது என்றால் பாதி உடையைப் பிரித்துத் திரும்பத் தைப்பதுதான்.

முதலில் பேன்ட். பேன்ட்டின் இடுப்பைப் பின்பக்க நடுத் தையலில்தான் பிடிப்பார்கள். நடு பெல்ட் லூப்பைக் கழற்றி, பட்டியைத் திறந்து, மேலே அதிகமாகவும் கீழே போகப்போகக் குறைவாகவும் தைத்து முடிப்பார்கள். 38-ஐ 36 ஆக்க மொத்தம் இரண்டு அங்குலம், அதாவது பக்கத்துக்கு ஓர் அங்குலம். பார்ப்பவருக்குத் தெரியாது. மூன்று அங்குலம் வரைகூட பெரும்பாலும் ஓடும். 44-ஐ 36 ஆக்கினால் பக்கத்துக்கு நான்கு அங்குலம் போகும். அப்போது பின்பாக்கெட் இரண்டும் நடுவை நோக்கி நகர்ந்து ஒன்றோடொன்று முட்டும். பக்கவாட்டுத் தையல் பிட்டத்தை நோக்கித் திரும்பிவிடும், முன்பாக்கெட்டின் வாயும் கூடவே பின்னால் போகும். இடுப்பு கச்சிதமாக இருக்கும், ஆனால் கவுட்டி கீழே தொங்கும், தொடை பலூன் போல நிற்கும். உங்கள் தையல்காரர் பொய் சொல்லவில்லை. பிடித்துத் தரத்தான் செய்வார். அதைப் போட்டு நடக்கப்போவது நீங்கள். ஆகவே 38 மூன்றையும் பிடியுங்கள், 44 ஆறையும் விட்டுவிடுங்கள். அந்த மூன்றில் ஜீன்ஸ் இருந்தால் தையல்காரரிடம் தனியாகச் சொல்லுங்கள். அதன் பின்தையல் இரட்டை மடிப்பாக இருக்கும், பட்டியில் மூட்டு இருக்காது. வெட்டி ஒட்டிய இடமும், நிறம் வெளுக்காத புது நூலும் கண்ணில் படும்.

காசு கொடுப்பதற்கு முன் ஒரு வேலை. பேன்ட்டின் உள்தொடைப் பகுதியை விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். உடம்பு பருமனாக இருந்த காலத்தில் தொடை உரசி அங்கேதான் துணி முதலில் தேயும். வெளிச்சம் சல்லடையாகத் தெரிந்தால் அந்தப் பேன்ட்டுக்கு ஒரு பைசா செலவழிக்க வேண்டாம், யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம். அதே காரணத்துக்காக 44-களையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

சட்டைகளைப் பொறுத்தவரை கண்ணாடி முன் நின்று தோள் தையல் எங்கே விழுகிறது என்று பார்த்தாலே போதும். தோள் எலும்பு முடியும் இடத்திலோ அரை அங்குலம் தாண்டியோ இருந்தால் பிடிக்கத் தகுந்தது. ஒன்றரை அங்குலம் கையில் இறங்கியிருந்தால் கையைக் கழற்றித் தோளை வெட்டி மறுபடி ஏற்ற வேண்டும். தினசரிச் சட்டைக்கு அந்தக் கூலி தகாது. தோள் சரியாக உள்ள சட்டையில், கையின் அடித்தையலில் தொடங்கி அக்குள் வழியாக அடிவிளிம்பு வரை ஒரே கோடாகப் பிடிக்கச் சொல்லுங்கள். மொத்தச் சுற்றளவில் மூன்று நான்கு அங்குலம் எடுக்கலாம். அவசரமாக வேலை முடிப்பவர்கள் அக்குளுக்குக் கீழே உடல் பகுதியை மட்டும் பிடித்துவிடுவார்கள். அப்போது கை அப்படியே பெரிதாக நிற்கும், அக்குளில் துணி மூட்டையாகச் சேரும். கைக்குழி ஏற்கெனவே மிக ஆழமாக இருந்தால் எப்படிப் பிடித்தாலும் கையைத் தூக்கும்போது சட்டை முழுவதும் மேலேறும். கை தூக்கிப் பார்த்துவிட்டே முடிவெடுங்கள்.

கழுத்துப் பட்டியை மேல் பட்டன் போட்டுப் பாருங்கள். இரண்டு விரல் நுழைந்தால் சரி. முஷ்டியே நுழைகிறது என்றால் பட்டனை நகர்த்தி அரை அங்குலம்தான் மீட்க முடியும், அதற்கு மேல் காலர் ஒருபக்கமாகச் சாயும். மேல் பட்டன் போடவே மாட்டேன் என்றால் இந்தக் கவலை இல்லை.

இனி கோட்டு. போட்டுக்கொண்டு சுவர் ஓரமாகப் பக்கவாட்டில் சாயுங்கள். உங்கள் மேல்கை சுவரைத் தொடுவதற்கு முன்பே தோள் பட்டைத் திண்டு சுவரைத் தொட்டு நசுங்கினால் தோள் பெரிது என்று அர்த்தம். அதைச் சரிசெய்ய லைனிங்கைத் திறந்து, கையைக் கழற்றி, திண்டைக் குறைத்து, சில நேரம் காலரையும் எடுக்க வேண்டிவரும். 28 கிலோ குறைந்தவருக்குப் பெரும்பாலும் இதுதான் நிலைமை. அப்படியானால் விற்றுவிடுங்கள். தோள் சரியாக இருந்தால் உடலை இரண்டு அங்குலம் வரை எடுக்கலாம், அதற்கு மேல் போனால் பாக்கெட்டுகள் பின்னுக்கு ஓடும்.

விற்க வேண்டியதைக் கத்தரி படாமல் விற்பதுதான் நல்லது. ஒருமுறை பிடித்த உடையில் லேபிள் ஒரு சைஸ் சொல்லும், துணி வேறு சைஸாக இருக்கும். வாங்குபவர் திருப்பி அனுப்புவார். கோட்டைத் தரையில் தட்டையாக விரித்து அக்குளிலிருந்து அக்குள், தோளிலிருந்து தோள், கை நீளம், முதுகு நீளம் நான்கையும் டேப்பில் அளந்து எழுதுங்கள். கறையோ பூச்சி அரித்த துளையோ இருந்தால் அதையும் படம் எடுத்துப் போடுங்கள். உங்களிடம் விற்கத் தகுந்தது அநேகமாக இந்தக் கோட்டும், சொற்பமாகப் போட்ட ஒன்றிரண்டு பேன்ட்டும்தான். தினசரிச் சட்டைக்குக் கிடைக்கும் தொகை, படம் எடுத்து, பேரம் பேசி, பார்சல் கட்டும் நேரத்துக்குக் காணாது. ஆறு வாரத்தில் போகாததைக் கொடுக்கும் பைக்கு மாற்றுங்கள்.

கொடுப்பவை துவைத்து, ஜிப்பும் பட்டனும் வேலை செய்பவையாக இருக்கட்டும். அக்குளில் மஞ்சள் பிடித்து விறைத்த சட்டை தரை துடைக்கத்தான் ஆகும்.

தையல்காரரிடம் போகுமுன் உடையைத் துவைத்து எடுத்துப்போங்கள், சுருங்க வேண்டியது முன்பே சுருங்கட்டும். வீட்டிலேயே போட்டுக்கொண்டு உபரித் துணியை மடித்து ஊக்கு குத்தி வைப்பது நல்லது. ஓர் அங்குல மடிப்பு என்பது இரண்டு அங்குலத் துணி. இந்த இடத்தில்தான் இருவருக்கும் பேச்சு குழம்பும், ஆகவே "மொத்தத்தில் இரண்டு" என்று சொல்லுங்கள். பிடித்தபின் உள்ளே மிஞ்சும் துணியை வெட்ட வேண்டாம், பக்கத்துக்கு ஓர் அங்குலமாவது விடச் சொல்லுங்கள். நாலைந்து கிலோ திரும்ப ஏறினால் பிரித்து விட்டுக்கொள்ளலாம். சொல்லாவிட்டால் ஓவர்லாக் அடிக்கும்போதே வெட்டிவிடுவார்கள்.

முதலில் ஒரே ஒரு 38-ஐ மட்டும் கொடுங்கள். வாங்கியதும் கடையிலேயே போட்டு உட்கார்ந்து, குனிந்து பாருங்கள். நிற்கும்போது சரியாக இருப்பது உட்கார்ந்தால் பின்னால் இழுக்கும். இழுத்தால் அரை அங்குலம் விடச் சொல்லி, அந்த அளவிலேயே மற்ற இரண்டையும் கொடுங்கள்.