மேலாளரின் கடுமையான மின்னஞ்சலில் வேலை எது, தொனி எது?

கேள்வி: கணக்குப் பிரிவில் இருக்கிறேன். திங்கட்கிழமை மாலை மேலாளர் இப்படி எழுதியிருந்தார்: "கொள்முதல் பட்டியல் மறுபடியும் சரியில்லை. எத்தனை முறை சொல்வது? ஜிஎஸ்டி 2பி-யோடு ஒத்துப் பாருங்கள். வியாழனுக்குள் வேண்டும். ஆடிட்டருக்கும் போகட்டும்." படித்ததிலிருந்து கை ஓடவில்லை. கோபமாக இருக்கிறாரா? நான் என்ன செய்வது?

பதில்: ஒரு பேனாவை எடுத்து, ஏவும் சொற்களை மட்டும் அடிக்கோடிடுங்கள். 'ஒத்துப் பாருங்கள்', 'வேண்டும்', 'போகட்டும்' என்று மூன்று கிடைக்கும். மூன்றாவதைக் கவனியுங்கள். போகிற போக்கில் சொன்னதுபோல் இருந்தாலும் அதுவும் கட்டளைதான். இரண்டாவது வாக்கியத்தில் மனம் சிக்கிக்கொண்டவர்கள் தவறவிடுவது பெரும்பாலும் இதைப் போன்ற கடைசி வரியைத்தான். அடுத்த மின்னஞ்சல் இன்னும் கடுமையாக வருவதற்கு அதுவே காரணமாகிவிடும்.

இனி, சுடுகிற வாக்கியத்துக்கு வருவோம். அதை முழுவதுமாக ஒதுக்கிவிடாதீர்கள். 'மறுபடியும்', 'எத்தனை முறை' என்ற சொற்களில் ஒரு செய்தி இருக்கிறது: இதைப் பற்றி அவர் முன்பே எழுதியிருக்கிறார். எது சரியில்லை என்று இந்த மின்னஞ்சல் சொல்லவில்லை. பழையது சொல்லக்கூடும். அதைத் தேடி எடுங்கள். பில் எண் பிழையா, வரித்தொகை வித்தியாசமா என்பது அங்கே இருந்தால், அவரிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி குறையும்.

கெடுவுக்கும் காரணம் தேடுங்கள். விற்பனையாளர்கள் பதிவேற்றிய பில்களைத் தொகுத்துக் காட்டும் 2பி அறிக்கை மாதந்தோறும் 14ஆம் தேதி உருவாகிறது. மாதாமாதம் தாக்கல் செய்யும் நிறுவனம் 3பி என்ற ஜிஎஸ்டி கணக்குப் படிவத்தை 20ஆம் தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும். வியாழன் 18ஆம் தேதி என்றால், ஆடிட்டர் பார்த்துத் திருத்த இரண்டே நாள்தான் மிச்சம். ஆகவே இந்தக் கெடு நெகிழாது என்று எடுத்துக்கொள்ளுங்கள். தெளிவில்லாதது நேரம் மட்டும்தான். அதைக் கேட்டுவிடலாம்:

"2பி-யோடு ஒத்துப் பார்த்து, பொருந்தாத பில்களைத் தனித் தாளில் காட்டி, வியாழக்கிழமை மதியம் 12 மணிக்குள் உங்களுக்கும் ஆடிட்டருக்கும் அனுப்புகிறேன். அதற்கு முன்பே தேவை என்றால் சொல்லுங்கள்."

இதில் விளக்கம் வேண்டாம், தற்காப்பும் வேண்டாம். பிழை உங்களுடையதுதான் என்று பழைய மின்னஞ்சல் காட்டினால், "சென்ற முறை விட்டுப்போனதைச் சரிசெய்துவிட்டேன்" என்ற ஒரு வரியைப் பட்டியலோடு அனுப்பும்போது சேருங்கள். விற்பனையாளர் தன் பில்லைப் பதிவேற்றாததால் வந்த வித்தியாசம் உங்கள் கையில் இல்லை. அதைத் தனித் தாளில் அப்படியே குறிப்பிடுங்கள்.

கோபமா என்பதை இந்த ஐந்து வரிகளிலிருந்து உறுதியாகச் சொல்ல முடியாது. ஜஸ்டின் குரூகர், நிக்கலஸ் எப்லி ஆகியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், தங்கள் மின்னஞ்சலின் தொனி படிப்பவருக்குப் புரியும் என்று எழுதியவர்கள் அளவுக்கு மீறி நம்பினார்கள். படித்தவர்களோ அந்த அளவுக்குச் சரியாகக் கண்டுபிடிக்கவில்லை. மேலாளர் மற்றவர்களுக்கு அனுப்பி உங்களுக்கும் நகல் வந்த மின்னஞ்சல்களை எடுத்துப் பாருங்கள். அவையும் இப்படியே வெட்டு வெட்டாக இருந்தால் அது அவருடைய நடை. உங்களுக்கு மட்டும் திடீரென இப்படி எழுதியிருந்தால், வியாழக்கிழமை பட்டியலை அனுப்பிய பிறகு நேரில் போய், "வேறு ஏதேனும் குறை இருக்கிறதா சார்?" என்று கேளுங்கள். வேலையை விட்டுவிட்டு உங்களையே இழிவாகப் பேசும் சொற்கள் வந்தால் மட்டும் இந்த வழி பொருந்தாது. அந்த மின்னஞ்சலை அழிக்காமல் வைத்துக்கொண்டு மனிதவளப் பிரிவிடம் காட்டுங்கள்.