வங்கி ஒரு தொகை, பேரேடு ஒரு தொகை

கேள்வி: நான் ஒரு சிறுகதை எழுதியிருக்கிறேன். திருப்பூரில் ஒரு பனியன் நிறுவனம். தணிக்கைக்கு வந்த ஆடிட்டர், வங்கியிலிருந்து வந்த இருப்பு உறுதிக் கடிதத்தைப் பிரிக்கிறார். மார்ச் 31 அன்று நிறுவனத்தின் பேரேட்டில் 48,60,000 ரூபாய். கடிதத்திலோ 31,25,000 ரூபாய்தான். "இது மோசடி!" என்று அவர் எழுந்து நிற்கிறார். பணத்தை யாரோ எடுத்துக்கொண்டு ஓடிவிட்டதாகத் தெரிகிறது. போலீஸ் ஜீப் வருவதோடு கதை முடிகிறது. கணக்குத் துறையில் இருக்கும் என் தோழி இதைப் படித்துவிட்டுச் சிரிக்கிறாள். எங்கே பிசகினேன்?
— ஒரு வாசகி, ஈரோடு

பதில்: உங்கள் தோழி சிரித்ததில் நியாயம் இருக்கிறது. அந்த இரண்டு தொகைகளும் ஒத்துப்போயிருந்தால்தான் உங்கள் ஆடிட்டர் புருவத்தை உயர்த்தியிருக்க வேண்டும். நாள்தோறும் காசோலை வாங்குகிற, கொடுக்கிற நிறுவனத்தில் மார்ச் 31 மாலை இரண்டும் ஒரே தொகையாக இருப்பது அபூர்வம். ஏப்ரல் 1 வங்கிகளின் ஆண்டுக் கணக்கு முடிப்பு நாள். அன்று பொதுமக்களுக்கான வேலை நடப்பதில்லை. ஆகவே 31ஆம் தேதி கடைசி நேரத்தில் போட்ட காசோலை 2ஆம் தேதியோ 3ஆம் தேதியோதான் கணக்கில் ஏறும். பேரேட்டில் அது 31ஆம் தேதியே ஏறியிருக்கும்.

எனவே கடிதத்தைப் பிரித்ததும் ஆடிட்டர் எழுந்து நிற்கமாட்டார். உட்கார்ந்தபடியே, "வங்கிச் சரிகட்டும் பட்டியலைக் கொடுங்கள்" என்பார். கணக்காளரும் தயங்காமல் எடுத்து நீட்டுவார், ஏனென்றால் அது முன்பே தயாராக இருக்கும். உங்கள் தொகைகளை வைத்தே போட்டுப் பார்ப்போம். பேரேட்டு இருப்பு 48,60,000. நிறுவனம் எழுதிக் கொடுத்து இன்னும் வங்கிக்கு வராத காசோலைகள் 6,40,000. அந்தப் பணம் இன்னும் வங்கியிலேயே இருப்பதால் அதைக் கூட்ட வேண்டும். வங்கியில் போட்டு இன்னும் வரவாகாத காசோலைகள் 23,60,000. அதைக் கழிக்க வேண்டும். வங்கி பிடித்துக்கொண்டு, பேரேட்டில் எழுதாமல் விட்ட கட்டணம் 15,000. அதையும் கழித்தால் 31,25,000. கடிதத்தோடு ரூபாய் பிசகாமல் பொருந்துகிறது.

சோம்பேறி ஆடிட்டர் இந்த இடத்தில் பச்சை மையால் ஒரு டிக் போட்டுவிட்டுத் தேநீருக்குப் போய்விடுவார். உங்கள் கதை தொடங்க வேண்டியது இங்கேதான். கூட்டல் கழித்தல் பொருந்தினால் பட்டியலைப் போட்டவருக்குக் கணக்குத் தெரியும் என்பது மட்டுமே நிரூபணமாகிறது. அதில் உள்ள ஒவ்வொரு வரியும் உண்மையா என்பதை ஏப்ரல் மாதம்தான் சொல்லும்.

ஆகவே அவர் ஏப்ரல் மாத வங்கி அறிக்கையைக் கேட்பார். கணக்காளர் அச்சடித்துக் கொடுப்பதை வாங்கமாட்டார். அவரையே இணைய வங்கிக் கணக்கைத் திறக்கச் சொல்லி, பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பார்ப்பார். அச்சிட்ட தாளில் எண்ணை மாற்றுவது இன்று பள்ளிப் பிள்ளைக்குக்கூடக் கைவந்த வேலை.

வரவாகாத 23,60,000 ரூபாயில் நான்கு காசோலைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று சிறியவை, சேர்த்து 5,60,000. மூன்றும் ஏப்ரல் 2, 3 தேதிகளில் வரவாகியிருக்கின்றன. நான்காவது ஒற்றைக் காசோலை, 18,00,000 ரூபாய். ஏப்ரல் 2இல் இல்லை, 10இல் இல்லை, மாதக் கடைசி வரை இல்லை.

"அது ரிட்டர்ன் ஆகிவிட்டது சார். ஏப்ரல் 30 அன்று திருப்பி எழுதிவிட்டேன்" என்கிறார் கணக்காளர். பேரேட்டிலும் அப்படியொரு பதிவு இருக்கிறது.

காசோலை திரும்புவது ஓசையில்லாமல் நடக்கிற காரியம் அல்ல. ஏன் திரும்பியது என்று வங்கி ஒரு குறிப்பு கொடுக்கும். திரும்பியதற்குக் கட்டணம் பிடிக்கும், அதற்கு ஜிஎஸ்டியும் சேர்த்து. ஏப்ரல் அறிக்கையில் அப்படி ஒரு ரூபாய்கூடப் பிடித்தம் இல்லை. குறிப்பும் இல்லை. வங்கி முத்திரை விழுந்த சலான் அடிச்சீட்டைக் கேட்டால், மற்ற மூன்று காசோலைகளுக்கும் இருக்கிறது, இதற்கு மட்டும் இல்லை. ஆக, அந்தக் காசோலை வங்கி வாசலைக்கூட மிதிக்கவில்லை. மார்ச் 31 அன்று பேரேட்டில் பிறந்து, ஏப்ரல் 30 அன்று பேரேட்டிலேயே இறந்திருக்கிறது.

எதற்காக இப்படிச் செய்தார்கள்? உங்கள் கதையில் பணத்தை யாரோ எடுத்துக்கொண்டு ஓடியதாக வருகிறது. அதைவிடச் சாதாரணமான, அதனாலேயே நம்பத்தகுந்த காரணம் ஒன்று உண்டு. அந்த 18 லட்சம், ஓராண்டுக்கு மேலாக ஒரு வாடிக்கையாளர் தராமல் இழுத்தடிக்கும் பாக்கி. மார்ச் 31 அன்றும் அது பாக்கியாகவே நின்றால், வராக்கடன் ஆகக்கூடும் என்று ஆடிட்டர் ஒதுக்கீடு போடச் சொல்வார். லாபம் 18 லட்சம் குறையும். வந்துவிட்டதாக எழுதிவிட்டால் அந்தப் பேச்சே எழாது. ஒரு மாதம் கழித்து, அடுத்த ஆண்டுக் கணக்கில், சத்தமில்லாமல் திருப்பி எழுதிக்கொள்ளலாம். திருடனே இல்லாத இந்தக் கதை எனக்கு அதிகம் பிடித்திருக்கிறது. கணக்காளர் முதலாளி சொன்னதைத்தான் எழுதியிருப்பார்.

இன்னொரு சின்னத் திருத்தம். உங்கள் கதையில் அந்தக் கடிதத்தைக் கணக்காளர் ஒரு கோப்பில் வைத்து ஆடிட்டரிடம் கொடுக்கிறார். அப்படி வந்தால் அது உறுதிக் கடிதமே அல்ல. கோரிக்கையில் நிறுவனத்தின் சார்பில் கையெழுத்து இருக்கும். ஆனால் அதை அனுப்புவது ஆடிட்டர், பதில் வர வேண்டியதும் நேராக ஆடிட்டரின் முகவரிக்கு. தணிக்கைத் தரநிலை 505 வலியுறுத்துவது இதைத்தான். சத்யம் நிறுவனத்தின் தலைவர் 2009 ஜனவரி 7 அன்று மோசடியை ஒப்புக்கொண்டு கொடுத்த கடிதத்தின்படி, கணக்கில் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லவே இல்லை. அந்தத் தணிக்கையில் வங்கி இருப்பை உறுதிப்படுத்தும் வேலை முறையாக நடக்கவில்லை என்று அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்புகள் 2011இல் அதன் தணிக்கையாளர்களுக்குத் தண்டம் விதித்தன. உங்கள் கணக்காளர் கையில் அந்தக் கோப்பை வைத்திருக்க ஆசைப்பட்டால் வைத்திருங்கள். ஆனால் ஆடிட்டர் அதை ஒதுக்கிவிட்டு, கிளைக்கு மறுபடி எழுத வேண்டும்.

கடைசிக் காட்சியில் போலீஸ் ஜீப் வருகிறது. எடுத்துவிடுங்கள். முதலில் கணக்குத் திருத்தப்படும். 18 லட்சம் மறுபடி அந்த வாடிக்கையாளர் பேரில் பாக்கியாக ஏறும், 15,000 வங்கிக் கட்டணம் செலவாக எழுதப்படும், பேரேட்டு இருப்பு 30,45,000 ஆகும். அதிகாரிகளோ ஊழியர்களோ செய்த மோசடி என்று ஆடிட்டர் கருதினால், நிறுவனங்கள் சட்டம் 2013இன் 143(12) பிரிவு வருகிறது. ஒரு கோடிக்குக் குறைந்த தொகை என்பதால் மத்திய அரசுக்குப் போகாது. தெரியவந்த இரண்டு நாட்களுக்குள் தணிக்கைக் குழுவிடமோ இயக்குநர் குழுவிடமோ எழுத்தில் கொடுக்க வேண்டும். உங்கள் நிறுவனத்தில் அந்த இயக்குநர் குழு என்பது முதலாளி, அவர் மனைவி, மைத்துனர். காசோலையை எழுதச் சொன்னவரிடமே அறிக்கையை நீட்ட வேண்டிய அந்தச் சந்திப்பை விரித்து எழுதுங்கள். ஜீப்பைவிட அது நன்றாக வரும்.