தலைவலிக்கு அமிட்ரிப்டிலின்: காலைத் தூக்கத்தை என்ன செய்வது?

"அடிக்கடி வரும் டென்ஷன் தலைவலிக்கு டாக்டர் அமிட்ரிப்டிலின் 10 மி.கி. தந்தார். அது மனச்சோர்வு மாத்திரையாமே? நாலு நாளா காலையில் ஒரே தூக்கம், வலியும் குறையவில்லை. நிறுத்திவிடலாமா?"

நாலு நாளில் முடிவு செய்யாதீர்கள். இது வலி வந்ததும் போடும் மாத்திரை அல்ல. வலி வரும் நாட்களைக் குறைக்கத் தினமும் போடுவது. பலன் தெரிய 4 முதல் 8 வாரம் ஆகும். தூக்கமோ முதல் நாளே வந்துவிடும், அதுதான் சிக்கல்.

மனச்சோர்வுக்குத் தரும் அளவு இதைவிடப் பல மடங்கு அதிகம். அடிக்கடி தலை வலித்தால் மூளையின் வலிப் பாதைகள் கூர்மையாகி, கழுத்துத் தசையின் சாதாரண இறுக்கம்கூட வலியாகத் தெரியும். இந்த மருந்து மூளையில் செரோட்டோனின், நார்அட்ரினலின் என்ற இரண்டு ரசாயனங்களையும் கூட்டி அந்தக் கூர்மையை மெல்ல மழுக்குகிறது.

தூக்கம் வருவது, நம்மை விழிப்பாக வைக்கும் ஹிஸ்டமினை இது தடுப்பதால். இரவு 11 மணிக்குப் போட்டால் காலை 7 மணிக்கும் மந்தம் இருக்கும். டாக்டரிடம் கேட்டு 8 அல்லது 9 மணிக்கு மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் பழகிவிடும். அதுவரை காலையில் வண்டி ஓட்டாதீர்கள், மது கூடவே கூடாது. வாய் உலர்வது, மலச்சிக்கல், எடை கூடுவது இவையும் வரலாம்.

க்ளாக்கோமா என்ற கண் அழுத்த நோய், சிறுநீர் அடைப்பு, இதயத் துடிப்புக் கோளாறு இருந்தாலோ, வேறு மனநல மாத்திரையோ டிரமடால் என்ற வலி மாத்திரையோ எடுத்தாலோ டாக்டரிடம் உடனே சொல்லிவிடுங்கள்.