நெட் கேபிள் இழுக்க வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்கும் கடிதத்தில் என்ன எழுத வேண்டும்?

"ஈரோட்டில் மேல் மாடியில் வாடகைக்கு இருக்கோம். ரவுட்டர் ஹாலில் இருக்கு, கம்ப்யூட்டர் பின் அறையில். வைஃபையில் விளையாடினால் பிங் எகிறுது. கேபிள் இழுக்கணும்னா சுவரில் ஓட்டை போடணும். கீழே வீட்டுக்காரர் குடும்பம் இருக்காங்க. அவருக்கு லெட்டர் எப்படி எழுதறது?"

பேனாவை எடுக்கும் முன்னாடி, கேபிள் போட்டால் உங்கள் பிரச்சினை தீருமா என்று பார்த்துவிடுங்கள். ஓட்டை போட்ட பிறகும் பிங் எகிறினால் சுவரும் போச்சு, வீட்டுக்காரரிடம் பேச்சும் போச்சு. பின் அறைக் கம்ப்யூட்டரில் வைஃபை இணைப்பிலேயே விண்டோஸின் Command Prompt என்ற கட்டளைத் திரையைத் திறந்து முதல் வரியை அடியுங்கள். அதில் Default Gateway என்று வரும் எண்தான் ரவுட்டரின் முகவரி. அதை இரண்டாம் வரியில் போடுங்கள்.

```
ipconfig
ping -n 200 192.168.1.1
```

இது இருநூறு முறை ரவுட்டரை மட்டும் தட்டிப் பார்க்கும், வெளி இன்டர்நெட்டுக்குப் போகாது. சாயங்காலம் ஏழு எட்டு மணிக்கு, அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் ஓடும் நேரத்தில் செய்யுங்கள். ஒவ்வொரு வரியிலும் time என்று காட்டும் மில்லிசெகண்ட் எண் பெரும்பாலும் 2, 3 என்று வந்துகொண்டிருந்து நடுநடுவே 80, 150 என்று தாவினாலோ, Request timed out என்று விழுந்தாலோ கோளாறு வைஃபையில்தான். கேபிள் அதைத் தீர்க்கும். ரவுட்டர் வரை எண் ஒரே சீராக இருந்து, விளையாட்டில் மட்டும் தடுமாறினால் கோளாறு வெளியே இருக்கிறது. அதை இன்டர்நெட் கொடுப்பவரிடம் கேட்க வேண்டும், வீட்டுக்காரரிடம் அல்ல. சர்வர் மும்பையில் இருந்தால் அங்கே போய்வரும் நேரத்தையும் கேபிள் குறைக்காது. தாவலைத்தான் நிறுத்தும்.

அடுத்து, யாரிடமாவது இருபது மீட்டர் கேபிளை இரவல் வாங்கி, கதவு வழியாகத் தரையில் போட்டு ஒரு ராத்திரி விளையாடிப் பாருங்கள். கேபிளில் அதே ping கட்டளை <1ms என்று வரிசையாகக் காட்ட வேண்டும். காட்டினால் கடிதம் எழுதலாம்.

வழியை முடிவு செய்யாமல் எழுதிய கடிதத்துக்கு "பார்க்கலாம்" என்றுதான் பதில் வரும். வீட்டுக்காரர் மனதில் ஓடுவது நெட் இல்லை. போன பொங்கலுக்கு அடித்த பெயிண்ட், மழைத் தண்ணி உள்ளே இறங்குமா, கரண்ட் வயரில் ட்ரில் பட்டுவிடுமா, காலி செய்யும்போது சுவர் என்ன கதியில் இருக்கும் என்பவைதான். ஆகவே டேப் வைத்து அளந்து வழியைத் தீர்மானியுங்கள்.

உங்களைப் போன்ற வீட்டுக்கு ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். ஹாலில் முன்பு டிஷ் கேபிள் வந்த பழைய ஓட்டை ஒன்று சும்மா இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பல வாடகை வீடுகளில் இருக்கும், முதலில் அதைத் தேடுங்கள். ரவுட்டரிலிருந்து அந்த ஓட்டை வரை 3 மீட்டர். வெளிச்சுவரில் பின் அறை வரை 9 மீட்டர். இரண்டு சுவரின் கனம் சேர்ந்து அரை மீட்டர். பின் அறையில் மேசை வரை 2 மீட்டர். ஆக 14.5. இரு முனையிலும் ஒவ்வொரு மீட்டர் விட்டு, வளைவுகளுக்கும் சேர்த்து 18 மீட்டர் வாங்கினால் போதும். புதிதாகப் போட வேண்டியது பின் அறையில் ஒரே ஒரு ஓட்டை. முழு நீளமும் 100 மீட்டருக்குள் இருப்பதால் வேகம் குறையாது.

ஓட்டையின் அளவில் பலர் கோட்டை விடுகிறார்கள். முனையில் பிளக் மாட்டிய ரெடிமேட் கேபிளை நுழைக்க 16 மில்லிமீட்டர் ஓட்டை வேண்டும். வெறும் கேட்6 கேபிளின் தடிமன் 6 மில்லிமீட்டர்தான். ஆக 10 மில்லிமீட்டர் ஓட்டையில் வெறும் கேபிளை இழுத்து, பிறகு பிளக் அடித்துக்கொள்ளலாம். "சுண்டுவிரல் கூட நுழையாத ஓட்டை" என்று கடிதத்தில் எழுத முடிவது இதனால்தான்.

எங்கே போடுவது? தூண், பீம், ஜன்னலுக்கு மேலே உள்ள லின்டல் ஆகிய கான்கிரீட்டில் கை வைக்கவே கூடாது. சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் வேண்டாம், சுவருக்குள் வயர் பைப் அந்தக் கோட்டில்தான் ஓடும். பாத்ரூம் ஒட்டிய சுவரும் வேண்டாம். தேக்கு ஜன்னல் சட்டத்தைத் துளைக்கிறேன் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். சுவரைக் கூடப் பூசிக்கொள்ளலாம், மரத்தை முடியாது என்பது அவருக்கும் தெரியும்.

இனி கடிதம். நேரில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கையில் கொடுப்பது நம் பக்கத்து முறை. வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பினால் சிலருக்கு மரியாதைக் குறைவாகப் படும். விளையாட்டுக்கு என்பதை மறைத்து "ஆபீஸ் வேலைக்கு" என்று எழுத வேண்டாம். மாடியில் ராத்திரி நீங்கள் போடும் சத்தம் கீழே கேட்கத்தான் செய்யும்.

---

ஈரோடு
நாள்: ____

மதிப்பிற்குரிய அண்ணா அவர்களுக்கு,

வணக்கமுங்க. மேல் மாடியில் குடியிருக்கும் ____ எழுதுவது. பின் அறைக் கம்ப்யூட்டருக்கு நெட் கேபிள் ஒன்று இழுக்க உங்கள் அனுமதி வேண்டுமுங்க. கம்ப்யூட்டரில் ஆன்லைன் விளையாட்டு விளையாடுகிறோம். வைஃபை விட்டுவிட்டு வருகிறது. தரையில் கேபிள் போட்டுப் பார்த்ததில் சரியாக இருக்கிறது.

ஹாலில் பழைய டிஷ் கேபிள் வந்த ஓட்டை வழியாக வெளியே எடுத்து, கிழக்கு வெளிச்சுவரில் சன்ஷேடுக்கு அடியில் 9 மீட்டர் கொண்டுபோய், பின் அறைக்குள் விடுகிறோம். பின் அறையில் மட்டும் ஜன்னலுக்குப் பக்கத்தில், செங்கல் சுவரில், 10 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று புதிதாகப் போட வேண்டும். வெளிச்சுவரில் கேபிளைப் பிடிக்க 25 சிறிய ஆணி கிளிப் அடிப்போம். இடத்தைப் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன். நீங்கள் வந்து பார்த்துச் சரி என்ற பிறகுதான் ட்ரில் வைப்போமுங்க.

வழக்கமாக இந்த வீட்டுக்கு வரும் எலெக்ட்ரீஷியனையே வைத்துச் செய்கிறோம். வேறு ஆளை நீங்கள் சொன்னாலும் சரி. கரண்ட் வயர் பைப்பில் இந்தக் கேபிளை நுழைக்க மாட்டோம். தூண், பீம், டைல்ஸ் எதையும் தொட மாட்டோம். மழைத் தண்ணி வராதபடி ஓட்டையை வெளிப்பக்கம் சரிவாகப் போட்டு, சிலிக்கான் வைத்து அடைப்போம். செலவு முழுக்க எங்களுடையது.

காலி செய்யும்போது கேபிளை எடுத்து, ஓட்டையையும் ஆணித் துளைகளையும் வெள்ளை சிமென்ட், பட்டி வைத்து அடைத்து அதே கலர் பெயிண்ட் தொட்டுக் கொடுக்கிறோம். அடுத்து வருபவர்களுக்கு உதவும் என்று நீங்கள் நினைத்தால் அப்படியே விட்டுப்போகிறோம். சரியாகச் செய்யவில்லை என்றால் அட்வான்ஸில் அதற்கான செலவைப் பிடித்துக்கொள்ளலாமுங்க.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குச் செய்யலாமா? அரை நாள் வேலை. சம்மதம் என்றால் கீழே ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

இப்படிக்கு,
____

---

இதில் ஆணிக் கணக்கை எழுதியது வேண்டுமென்றேதான். உள்ளே போடும் ஓட்டை மேசைக்குப் பின்னால் மறைந்துவிடும். தெருவிலிருந்து பார்த்தால் தெரிவது வெளிச்சுவரின் 25 ஆணிதான். முன்கூட்டிச் சொல்லாமல் அடித்தால் சண்டை வருவது அதற்குத்தான். ஆணி வேண்டாம் என்றால் பிவிசி பட்டிக்குள் விடலாம், அதற்கு மீட்டருக்கு இரண்டு திருகு போதும். கையெழுத்து வாங்கிய தாளை வாடகை ஒப்பந்தத்தோடு வையுங்கள். ஒப்பந்தத்தில் "கட்டடத்தில் மாற்றம் செய்யக்கூடாது" என்ற வரி இருந்தால் இந்தத் தாள்தான் உங்களுக்குத் துணை.

அனுமதி கிடைத்தபின் சொதப்பும் இடங்கள் சில உண்டு. ஒன்பது அங்குலச் சுவர் பூச்சோடு சேர்த்து 25 சென்டிமீட்டர் வரும். சாதாரண ட்ரில் பிட் பாதியிலேயே நின்றுவிடும், 30 சென்டிமீட்டருக்கு மேல் நீளமான பிட் கேளுங்கள். உள்ளிருந்து வெளியே சற்றுக் கீழ்நோக்கிப் போக வேண்டும். பிட் வெளியே எட்டிப்பார்க்கும் கடைசி அங்குலத்தில் ஹேமரை நிறுத்திவிட்டு மெதுவாகச் சுற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வெளிப்பூச்சு தட்டு மாதிரி பெயர்ந்து விழும். பத்து மில்லிமீட்டர் ஓட்டைக்கு அனுமதி வாங்கி உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு உதிர்ந்தால் கடிதத்தில் எழுதியது எல்லாம் வீண். வெளியே கேபிள் ஓட்டைக்குள் நுழையும் முன் ஒரு சாண் கீழே தொங்கி மேலேறட்டும். தண்ணி அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும்.

கேபிள் வாங்கும்போது வெளியில் போடும் கறுப்பு உறை கேட்6 என்று சொல்லிக் கேளுங்கள். உள்ளே போடும் சாம்பல் உறை நம் வெயிலில் சீக்கிரம் வெடித்துவிடும். கடைக்காரர் வெட்டிய முனையில் ஒரு கம்பியை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளேயும் செம்பு நிறமாகவே இருந்தால் நல்ல கேபிள். வெள்ளியாக மினுங்கினால் செம்பு பூசிய அலுமினியம், பிளக் அடிக்கும்போதும் வளைக்கும்போதும் முறியும். கிளிப் 40 சென்டிமீட்டருக்கு ஒன்று வேண்டும். தள்ளி அடித்தால் ஆடிக்காத்து கேபிளைச் சுவரில் அடித்துக்கொண்டே இருக்கும், கீழே தூங்குபவர்களுக்கு அது கேட்கும். ஆணியை கேபிள் நசுங்கும் அளவுக்கு இறுக்கவும் கூடாது.

வெளிச்சுவரில் போகும் செம்புக் கேபிளுக்கு இடி ஆகாது. சித்திரை, வைகாசி இடிமழையில் பக்கத்தில் எங்காவது மின்னல் இறங்கினாலே ரவுட்டர் போர்ட்டும் கம்ப்யூட்டர் போர்ட்டும் புகையாமலே செத்துவிடும். வானம் இருட்டினால் இரு முனையையும் கழற்றிவிடுங்கள்.

வேலை முடிந்ததும் எலெக்ட்ரீஷியனை அனுப்பும் முன் விண்டோஸ் அமைப்புகளில் ஈத்தர்நெட் பக்கத்தைத் திறந்து Link speed பாருங்கள். 1000/1000 (Mbps) என்று இருக்க வேண்டும். ரவுட்டரும் கம்ப்யூட்டரும் ஜிகாபிட் போர்ட் உள்ளவையாக இருந்தும் 100/100 காட்டினால், எட்டுக் கம்பியில் ஏதோ ஒன்று பிளக்கில் சரியாக உட்காரவில்லை. விளையாட்டுக்கு நூறே தாராளம். ஆனால் சரியாகப் பிடிக்காத அந்தக் கம்பி நாளைக்கு முழுக்க விட்டுப்போகும். பிளக்கை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக அடிக்கச் சொல்லுங்கள், அதற்குத்தான் இரு முனையிலும் ஒரு மீட்டர் விட்டது.